காதில் விழுந்த பெயரைப் போனில் அடிக்க முடிகிறதா?

"நான் மணப்பெண் மேக்கப் செய்கிறேன், தங்கை மெஹந்தி போடுகிறாள். இருவரும் சேர்ந்து ஸ்டுடியோ தொடங்கப் போகிறோம். தேடினால் வர வேண்டும் என்பதால் Bridal Makeup and Mehndi Studio என்றே வைத்துவிடு என்கிறார்கள். எனக்கு மகள் பெயரான யாழினி ஆசை. தங்கை 'விரல்' என்கிறாள். எதை வைத்தால் மணப்பெண்கள் எங்களைக் கண்டுபிடிப்பார்கள்?"

இதில் இரண்டு வகைத் தேடல்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம். உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு பெண், தன் பகுதியின் பெயரோடு bridal makeup artist என்று அடித்துப் பார்ப்பது ஒன்று. ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு "யார் போட்டது?" என்று கேட்டு, அந்தச் சத்தத்தில் அரைகுறையாகக் காதில் விழுந்த பெயரை ராத்திரி வீட்டுக்குப் போய்த் தேடுவது இன்னொன்று. முதல் தேடலில் உங்கள் பெயருக்கு வேலை குறைவு. இரண்டாவதில் பெயர் ஒன்றுதான் கையில் இருக்கிறது. 14 வருடங்களாகச் சிறு தொழில்களுக்குப் பெயர்ப்பலகை, கூகுள் பக்கம், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் அமைத்துத் தருகிறேன். ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டு, ஆட்கள் வரவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கோட்டை விட்டது இரண்டாவது தேடலில்தான். அவர்கள் கவலைப்பட்டதோ முதல் தேடலைப் பற்றி.

முதல் தேடலை விரைவாக முடித்துவிடுகிறேன். கூகுள் வரைபடத்தில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்கு மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடிய சொல்லுக்கும் உங்கள் தொழிலுக்கும் எவ்வளவு பொருத்தம், தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், உங்கள் தொழில் எவ்வளவு அறியப்பட்டது. பொருத்தத்தை முதலில் சொல்வது உங்கள் கூகுள் பக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொழில் வகை. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை வைத்துக்கொள்ளலாம். மேக்கப் கலைஞர் என்பதை முதன்மையாகவும், மெஹந்திக்கான வகையைக் கூடுதலாகவும் வையுங்கள். வகைக்கான பெட்டியில் தட்டச்சு செய்யும்போது கூகுள் காட்டும் பட்டியலிலிருந்துதான் எடுக்க முடியும், நாமாக எழுத முடியாது. bridal என்று அடித்ததும் Bridal shop என்று ஒன்று வரும். அது கல்யாண உடை விற்கும் கடைகளுக்கானது. அவசரத்தில் அதைத் தட்டிவிட்டு, லெஹங்கா வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கும் போன்களுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மேக்கப் கலைஞரை எனக்குத் தெரியும். வகை, சேவைப் பட்டியல், படங்கள், வாடிக்கையாளர்களின் விமர்சனங்கள், இவைதான் முதல் தேடலுக்கு உழைப்பவை.

சரி, அந்தச் சொற்களைப் பெயரிலேயே வைத்துவிட்டால் என்ன கெட்டுவிடும்? இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பெயரில் தேடுசொல் இருந்தால் வரைபடத்தில் கொஞ்சம் மேலே வருகிறது என்று இந்த வேலையில் இருப்பவர்கள் பலரும் சொல்வார்கள், என் அனுபவமும் அப்படித்தான். ஆனால் அதற்கு எவ்வளவு எடை என்பதைக் கூகுள் வெளியிட்டதில்லை. இன்றிருக்கும் எடை நாளைக்கும் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. உறுதியானது அதன் விதிமுறை. பெயர்ப்பலகையிலும் பில்லிலும் வாடிக்கையாளர் வாயிலும் என்ன பெயர் இருக்கிறதோ, அதுதான் பக்கத்திலும் இருக்க வேண்டும். ஊர்ப் பெயர், விளம்பர வாசகம், தேவையில்லாத சேவைப் பெயர்கள் என்று ஒட்டவைத்தால் பக்கத்தை முடக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அதோடு, திருத்தம் பரிந்துரைக்கும் வசதி எல்லோருக்கும் இருக்கிறது. போட்டிக்கு இருப்பவர் ஒருவர் உட்கார்ந்து உங்கள் பெயரின் வாலை நறுக்கச் சொல்லலாம். முகூர்த்த மாதத்தில் பக்கம் முடங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் இரண்டாவது தேடலில் இருக்கிறது. "எங்கே போட்டீங்க?" என்று ஒருத்தி கேட்கிறாள். "பிரைடல் மேக்கப் அண்ட் மெஹந்தி ஸ்டுடியோவில்" என்று பதில் வருகிறது. கேட்டவள் அடுத்து என்ன சொல்வாள்? "அது சரி, எந்த ஸ்டுடியோ?" பொதுச்சொற்களை மட்டும் கோத்து வைத்த பெயருக்கு இதுதான் கதி. உங்களைப் பரிந்துரைத்த வாடிக்கையாளர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார். ஆனால் அந்தப் பெயரைத் தேடியவளுக்கு அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோருமே வரிசையாக வருகிறார்கள். Glow, Glam, Makeover, Brides போன்ற சொற்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து வைக்கும் பெயர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் நினைவில் நிற்பதில்லை; Glam Bride என்று தேடப்போய் Bridal Glam என்ற வேறு ஒருவரிடம் முன்பணம் கட்டிவிடுவார்கள்.

இனி யாழினி. அழகான பெயர், மகள் பெயர் வேறு, அதனால் கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன். தமிழ்ப் பெயர்களை நாம் தமிழில் கேட்கிறோம், ஆங்கில எழுத்தில் தேடுகிறோம். இடையில் ஒவ்வொருவரும் மனதுக்குள் ஓர் எழுத்துப்பெயர்ப்பு செய்கிறார்கள். யாழினி என்று காதில் விழுந்ததை Yazhini என்று ஒருவர் அடிப்பார், Yaazhini என்று இன்னொருவர், ழகரம் நாக்கில் வராத வீட்டுப் பெண் Yalini என்று, zh பழக்கமில்லாதவர் Yazini என்று. நான்குமே அவரவர் அளவில் சரி. ழ மட்டுமில்லை, த வந்தால் t, th, d, dh என்று நான்கு வழி, ச வந்தால் s, ch, sh, நெடில் வந்தால் a ஒன்றா இரண்டா என்ற சந்தேகம். மருதாணி என்ற சொல்லையே Maruthani, Marudhani, Marudani என்று மூன்று விதமாகப் பலகைகளில் பார்த்திருக்கிறேன். பிரபலமான சொற்களின் வேறுபாடுகளைத் தேடுபொறி தானாகவே சேர்த்துப் புரிந்துகொள்ளும். புதிதாகத் தொடங்கிய ஒரு ஸ்டுடியோவின் பெயருக்கு அந்த உதவி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. இன்ஸ்டாகிராமில் பயனர்பெயரைத் தேடும்போது ஓரெழுத்து மாறினாலும் வேறொருவர் முன்னால் வந்து நிற்பார்.

இதில் நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். ழகரம் உள்ள ஒரு பெயரை ஒரு மேக்கப் கலைஞருக்கு நான்தான் பரிந்துரைத்தேன். பலகை எழுதியவர் zh போட்டார், அந்தக் கலைஞர் இன்ஸ்டாகிராம் பக்கத்தை l போட்டுத் தொடங்கியிருந்தார், கூகுளில் நான் zh போட்டேன். ஒரு வாடிக்கையாளர் l போட்டுத் தேடிக் கிடைக்காமல், இடமே இல்லை போலிருக்கிறது என்று எண்ணி, நல்ல மனதோடு அதே முகவரியில் புதிதாக ஓர் இடத்தைச் சேர்த்துவிட்டார். அதன் பிறகு வந்த விமர்சனங்கள் இரண்டு பக்கங்களில் பிரிந்து விழுந்தன. இரண்டும் பாதிப் பாதியாக, இரண்டுமே சுமாரான கடைபோலத் தெரிந்தன. நகல் பக்கம் என்று கூகுளுக்குப் புகார் செய்து ஒன்றாக்கி முடிக்கும் வரை அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

தங்கையின் 'விரல்' எனக்கு ரொம்பப் பிடித்தது. மெஹந்திக்காரிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கஷ்டம். எழுத்துப்பிழையும் வராது, எல்லோரும் Viral என்றுதான் அடிப்பார்கள். தொல்லை அங்கேதான். அடித்த அடுத்த நொடியில் தேடுபொறிக்கு அது ஆங்கிலச் சொல். Viral mehndi என்று தேடினால் ஊரெல்லாம் பரவிய மெஹந்தி வீடியோக்கள் வந்து குவியும், Viral makeup என்றாலும் அதே கதை. நேற்று எந்த டிசைன் அதிகம் பகிரப்பட்டதோ அதற்கு அடியில் உங்கள் ஸ்டுடியோ புதைந்துபோகும். தமிழில் 'விரல்' என்று அடிப்பவர்களுக்கு நீங்கள் கிடைக்கலாம். அப்படி அடிப்பவர்களை மட்டும் நம்பித் தொழில் தொடங்க முடியாது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. தனித்துவம் வேண்டும் என்று Brydal, Mehndee என்று எழுத்தை முறுக்கி வைத்தால், தேடுபொறி அதைத் தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்டு சரியான எழுத்துக்கூட்டலுக்கான முடிவுகளைக் காட்டும்.

ஒரு பெயர் தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை மிகச் சாதாரணமானது. உங்கள் திட்டம் பற்றித் தெரியாத பத்துப் பேருக்குப் போன் செய்யுங்கள். பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து, "சொன்ன பெயரை வாட்ஸ்ஆப்பில் அடித்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். வந்த பத்தில் குறைந்தது எட்டு ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு விதமாக வந்தால் விட்டுவிடுங்கள். எட்டு என்பது எந்த ஆராய்ச்சியும் சொன்ன எண் இல்லை, என் கைக்கணக்கு. அப்புறம், கிடைத்த எழுத்துக்கூட்டலை உங்கள் போனில் தேடாமல் வேறு ஒருவர் போனில் தேடிப் பாருங்கள். நீங்கள் முன்பு தேடியவை உங்கள் முடிவுகளின் வரிசையை மாற்றியிருக்கலாம். பெயரைத் தனியாக ஒருமுறை, makeup சேர்த்து ஒருமுறை, mehndi சேர்த்து ஒருமுறை. மூன்றிலும் வேறொரு பெரிய விஷயம் வந்து வழியை அடைக்கிறதா என்பதுதான் கேள்வி. பெயரைக் குரலால் சொல்லியும் தேடிப் பாருங்கள். அங்கே வேறு சொல்லாக மாறுகிற பெயர்கள் நிறைய.

ஓர் உதாரணத்தை முழுதாக ஓட்டிப் பார்ப்போம். 'இமை' என்று வைத்துக்கொள்வோம். சிறிய சொல், கண் மேக்கப்போடு தொடர்பு உண்டு, ழ இல்லை, த இல்லை, a ஒன்றா இரண்டா என்ற சந்தேகமும் இல்லை. பெரும்பாலோர் Imai என்று எழுதுவார்கள். ஓரிருவர் Imay என்றோ Emai என்றோ எழுதக்கூடும், அது தாங்கக்கூடிய சேதம். குறை என்ன? தனியாக Imai என்று மட்டும் தேடினால் நான்கெழுத்துச் சொல் என்பதால் சம்பந்தமில்லாத பல வரும். Imai makeup என்றால் நிலைமை தெளிவாகும். கேள்விப்பட்டுத் தேடுபவர்கள் பெயரோடு தொழிலையும் சேர்த்தே அடிப்பது வழக்கம் என்பதால் இதை ஏற்றுக்கொள்ளலாம். தங்கைக்கு இதில் இடமில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குத்தான் வால். Imai Bridal Makeup & Mehndi என்று பலகையிலும் பில்லிலும் உண்மையாகவே முழுப் பெயராக வைத்துவிட்டால், கூகுள் பக்கத்திலும் அதையே வைக்கலாம்; விதிமுறைக்கு விரோதமில்லை. பலகையில் Imai என்று மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தில் மட்டும் வால் சேர்த்தால்தான் வம்பு. அந்த வாலில் Best, HD, Airbrush என்று அடுக்காதீர்கள். பெயரின் தலை வாயில் சொல்வதற்கு, வால் பலகையைப் பார்ப்பவருக்குத் தொழிலைச் சொல்வதற்கு.

வாலில் Mehndi கட்டாயம் இருக்கட்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேக்கப்பை மண்டபத்தில் பார்ப்பவர்கள் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். மெஹந்தி போடும்போது தங்கை மணிக்கணக்கில் உறவுக்காரப் பெண்கள் நடுவே உட்கார்ந்திருப்பாள், அடுத்த கல்யாணத்துப் பெண்ணும் அங்கேதான் கையை நீட்டிக்கொண்டு இருப்பாள். அவளிடம் சொல்லப்படும் பெயரில் மேக்கப் மட்டும் இருந்தால் மெஹந்திக்குத் தனியாக வேறொருவரைத் தேடுவாள், மெஹந்தி மட்டும் இருந்தால் உங்களைத் தெரியாமலே போய்விடும். Bridal என்ற சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பார்ட்டி மேக்கப் என்று வருபவர்கள் "இது மணப்பெண்ணுக்கு மட்டும் போல" என்று திரும்பிப் போகக்கூடும். உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி மணப்பெண்களிடமிருந்து என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஹந்திக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்! Mehndi, Mehendi, Mehandi, அப்புறம் Henna, தமிழில் மெஹந்தி, மருதாணி. எல்லாவற்றையும் பெயருக்குள் திணிக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பலகை, பில், பக்கம் எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். மற்றவை சேவைப் பட்டியலிலும், படங்களுக்குக் கீழே எழுதும் வரிகளிலும் இயல்பாக வந்து போகட்டும். வாடிக்கையாளர்களும் விமர்சனத்தில் தங்களுக்குப் பழகிய சொல்லில்தான் எழுதுவார்கள். அதைத் திருத்தச் சொல்லாதீர்கள், அது உங்களுக்கு நல்லது.

இன்ஸ்டாகிராமில் பயனர்பெயருக்கு 30 எழுத்துதான் வரம்பு. yazhini_bridal_makeup_and_mehndi என்றாலே 32 ஆகிவிடுகிறது. வரம்புக்குள் அடங்கினாலும் அடிக்கோடும் புள்ளியும் வாயால் சொல்ல முடியாதவை. imaibridalstudio மாதிரி இடைவெளியில்லாமல் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். சேவைச் சொற்களுக்கான இடம் பயனர்பெயருக்குக் கீழே இருக்கும் Name என்ற தனிக்கட்டம். தேடலில் அதுவும் சேர்கிறது, எனவே Imai | Bridal Makeup & Mehndi என்று அங்கே எழுதலாம். அந்தக் கட்டத்தை 14 நாட்களில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், யோசித்து எழுதுங்கள். மேக்கப்புக்கு ஒரு பக்கம், மெஹந்திக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கும் ஆசை தங்கைக்கு வரும். போட்டோகிராபர்கள் படம் போடும்போது மேக்கப், மெஹந்தி என்று தனித்தனியாகப் பெயர் குறிப்பிடுவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பக்கம் வருவது உங்களுக்கு லாபம். நீங்கள் இருவரும் என்றாவது தனித்தனியே தொழில் செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்த யோசனை பொருந்தாது, அதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பெயரை முடிவு செய்யும் முன் வணிகச்சின்னப் பதிவேட்டில் ஒருமுறை தேடுங்கள். சர்வதேச வகைப்பாட்டில் அழகுக்கலைச் சேவைகள் 44-ஆம் வகுப்பில் வருகின்றன. பின்னாளில் மெஹந்தி வகுப்பு நடத்துவீர்கள் என்றால் பயிற்சிக்கு 41-ஆம் வகுப்பு. தொழிலை அப்படியே விவரிக்கும் பொதுச்சொற்களைத் தனக்கே உரியது என்று பதிவு செய்வது கடினம், Bridal Makeup and Mehndi Studio என்ற யோசனைக்கு எதிராக இதுவும் ஒரு காரணம். இதற்கு மேல் நான் வக்கீல் இல்லை. ஒத்த பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அந்த வேலை செய்பவரிடம் காட்டிவிடுங்கள்.

மகள் பெயரைத்தான் வைப்பேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. Yazhini என்ற ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள், Yalini என்ற பயனர்பெயர் காலியாக இருந்தால் அதையும் எடுத்து, முதல் பக்கத்துக்கு வழிகாட்டும் ஒரு படத்தை மட்டும் அங்கே போட்டு வையுங்கள். தேடுபவர்களில் சிலர் அப்படியும் தவறிப்போவார்கள். அந்த இழப்பு உங்களுக்குப் பரவாயில்லையா என்பது உங்கள் முடிவு.

கடைசியாக ஒன்று. இதை இன்றைக்கே செய்யலாம். இதுவரை நீங்களும் தங்கையும் வேலை செய்து கொடுத்த பத்துப் பேரிடம், உங்கள் நம்பரைப் போனில் என்ன பெயரில் சேமித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். "மேக்கப் அக்கா", "மெஹந்தி பொண்ணு", "ரிசப்ஷன் மேக்கப்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் எவ்வளவு நல்ல பெயர் வைத்தாலும், தோழி கேட்கும்போது அவர்கள் திறந்து பார்ப்பது அந்தப் பெயரைத்தான். அதனால் முன்பணம் வாங்கிய அன்றே, ஸ்டுடியோவின் பெயரோடு உங்கள் தொடர்பு அட்டையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "இதைச் சேமித்துக்கொள்ளுங்கள், கல்யாணத்தன்று இந்த நம்பரிலிருந்துதான் பேசுவேன்" என்று சொல்லுங்கள். மெஹந்தி முடிந்ததும் எப்போது உரித்து எடுப்பது, எவ்வளவு நேரம் தண்ணீர் படாமல் வைப்பது என்று எழுதிய சின்ன அட்டை கொடுப்பீர்கள் இல்லையா, அதன் மேலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். அந்த அட்டை இரண்டு நாள் கண்ணாடி மேஜையில் கிடக்கும், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள்.